80 பேருக்குத்தான் இடம்: சேலை நிறம் கேட்கிற தோழியிடம் எப்படிச் சொல்வது?

நிலாமுற்றம்

எல்லாருக்கும் வணக்கம். ஆவணியில எனக்குக் கல்யாணம். அப்பாவுக்குப் போன வருஷம் பைபாஸ் ஆச்சு, அதனால பெரிய மண்டபம், ரெண்டு நாள் அலைச்சல் எதுவும் வேண்டாம்னு ரெண்டு வீட்டுலயும் பேசி முடிவு பண்ணிட்டோம். எங்க ஊர்க் கோயில் மண்டபத்துல காலையில முகூர்த்தம், மதியம் சாப்பாடு, அவ்வளவுதான். ரிசப்ஷன் கிடையாது, பிறகும் வைக்கப் போறதில்ல. மொத்தம் 80 பேருக்கு மேல வரக்கூடாதுன்னு கோயில் ஆபீஸ்ல எழுதியே வாங்கிக்கிட்டாங்க.

எனக்குக் கஷ்டமா இருக்கறது ஒரே ஒருத்தி விஷயத்துலதான். காலேஜ் ஹாஸ்டல்ல என்கூட ஒரே ரூம்ல இருந்தவ, இப்ப திருச்சியில இருக்கா. இங்க அவளை 'ரா'ன்னு சொல்றேன். லிஸ்ட்ல அவளுக்கு இடம் வரல. அவளோ தான் வரப்போறதாவே நினைச்சுக்கிட்டு இருக்கா. தேதி வெச்சது தெரிஞ்ச அன்னிக்கே "நான் என்ன கலர்ல சேலை எடுக்கட்டும்டி?"ன்னு மெசேஜ் போட்டா. அதுக்கு இன்னும் நான் பதில் போடல.

இன்னொரு சிக்கலும் இருக்கு. எங்க ஹாஸ்டல் கூட்டத்துல என்னைத் தவிர 6 பேர். அதுல 'க' மட்டும் கல்யாணத்துக்கு வருவா. ஏன்னா அவ மாப்பிள்ளையோட அத்தை மக, அவ வழியாத்தான் இந்தச் சம்பந்தமே வந்துச்சு.

போன்ல சொல்றதா, மெசேஜ் போடறதா? 'க' வர்றதைச் சொல்லணுமா, வேண்டாமா? இதையெல்லாம் கடந்து வந்தவங்க சொல்லுங்க.

பாண்டியன், திருமங்கலம்

அம்மா, பெரியவனா ஒண்ணு சொல்றேன். 80 பேருக்கு உலை வெச்சா 90 பேர் தாராளமா சாப்பிடலாம். ஒரு இலை கூடப் போடறதால யாரும் குறைஞ்சு போயிட மாட்டோம். கல்யாணத்துக்குக் கூப்பிடலைன்னு ஒரு பிள்ளைகிட்ட வாய்விட்டுச் சொல்றது எங்க பக்கம் வழக்கமே கிடையாது. மண்டபத்துல இடம் இல்லேன்னா வாசல்ல ஒரு பந்தல் போடு. அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுரு.

பந்தல்காரி

கும்பகோணம் பக்கம் கல்யாண வேலை எடுத்துச் செய்யறேன். கோயில் கல்யாணம் நிறையப் பண்ணியிருக்கேன்.

பாண்டியன் ஐயா சொல்றது சமையல் கணக்குக்குச் சரி. 10 இலை கூடினா எந்தச் சமையல்காரரும் முகம் சுளிக்க மாட்டார். ஆனா இங்க தட்டுப்பாடு சாப்பாட்டுக்கு இல்ல, இடத்துக்கு. கோயில் மண்டபத்துல நடை திறந்திருக்கும், சாமி கும்பிட வர்றவங்களுக்கு வழி விடணும், உச்சிகால பூஜைக்குள்ள இடத்தைக் கழுவிக் கொடுக்கணும். எழுதிக் கொடுத்த எண்ணிக்கையைத் தாண்டினா மணவறைக்குப் பக்கத்துலயே வந்து சத்தம் போடுவாங்க. பந்தல் போடறதா இருந்தாலும் அதுக்கும் அவங்க அனுமதி வேணும்.

நிலாமுற்றம், எனக்கு மூணு விஷயம் தெரியணும். அந்த 80ல வேலைக்கு வர்றவங்களும் சேர்த்தியா? உங்க தோழிகள்னு யாரைப் போட்டிருக்கீங்க, எதை வெச்சுப் போட்டீங்க? உங்க வீட்டுல யாராவது ரா வீட்டுக்கு வாய் வார்த்தையா ஏற்கனவே அழைப்பு சொல்லியிருக்காங்களா? கடைசிக் கேள்விதான் முக்கியம்.

நிலாமுற்றம்

ஆமா, சேர்த்துத்தான். நாதஸ்வரம், தவில், தாளம், சுருதின்னு 4 பேர், போட்டோ வீடியோவுக்கு 3, புரோகிதரும் உதவிக்கு ஒருத்தருமா 2, பரிமாறுறவங்க 5, வேன் கார் டிரைவர்ங்க 3. இதுவே 17 ஆயிடுச்சு. மிச்சம் 63ல மாப்பிள்ளை வீட்டுக்கு 32, எங்களுக்கு 31. அதுல அப்பா பக்கம் அம்மா பக்கம் ரத்த சொந்தம் மட்டும் 25. அதுலயே ஒரு சித்தப்பா வீட்டுல பிள்ளைங்களை விட்டுட்டு ரெண்டு பேர் மட்டும் வர்றாங்க. எதிர்வீட்டு மாமா மாமிக்கு 2. மிச்சம் 4 இடம்.

அந்த 4 பேரும் எங்க தெருவுல ஒண்ணா வளர்ந்தவங்க, ஒண்ணாம் வகுப்புலேருந்து கூடவே இருக்காங்க. அப்பா ஆஸ்பத்திரியில இருந்தப்ப மாத்தி மாத்தி ராத்திரி வந்து இருந்தது அவங்கதான். காலேஜ்லேருந்து யாரும் இல்ல, ஆபீஸ்லேருந்தும் யாரும் இல்ல.

வாய் வார்த்தை பத்தி அம்மாகிட்ட கேட்டுட்டு வந்துதான் எழுதறேன். ரா அம்மா போன் பண்ணினப்ப "தேதி குறிச்சாச்சு, ஆவணியில"ன்னு சொன்னாங்களாம். "வந்துடுங்க"ன்னு சொல்லலையாம்.

ஸ்கார்பரோ சிவா

தங்கச்சி, உங்கட பிரச்சினை எனக்கு நல்லா விளங்குது. இஞ்ச ஹோல்ல ஒரு மேசைக்கு 10 கதிரை. கார்டில பேரும் ஆக்களின்ர எண்ணிக்கையும் அடிச்சுத்தான் குடுப்பம், வாறதெண்டா எத்தனை பேர் எண்டு அவையள் முன்கூட்டியே சொல்ல வேணும். அப்பிடி இருந்தும் 2 பேருக்குக் குடுத்தா 5 பேர் வந்து நிப்பினம். போன வருசம் மகளின்ர கலியாணத்தில கடைசி நேரத்தில ரெண்டு மேசை கூடப் போட வேண்டி வந்திட்டுது. ஆனபடியா கார்டிலயே எத்தனை பேர் எண்டு தெளிவா எழுதுங்கோ, பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வராதேங்கோ எண்டு சொல்ல வெக்கப்படாதேங்கோ.

அரவிந்த் பெ.

சிவா அண்ணா, அவங்க கேக்கறது வேற. கூடுதலா வர்றவங்க பத்தி இல்ல, கூப்பிட முடியாதவங்ககிட்ட எப்படிச் சொல்றதுங்கறதுதான்.

என் யோசனை இது. ஹாஸ்டல் குரூப்புல ஒரே மெசேஜா போட்டுடுங்க. "அப்பா உடல்நிலை காரணமாக் கல்யாணத்தை வீட்டோட மட்டும் வெச்சுக்கறோம், எல்லாரும் இருந்த இடத்துலேருந்தே வாழ்த்துங்க". எல்லாருக்கும் ஒரே வார்த்தை போயிடும், யாருக்கும் தன்னை மட்டும் ஒதுக்கிட்டாங்கன்னு தோணாது. 'க' விஷயத்தை நீங்களா எடுக்க வேண்டாம். கேட்டா அப்ப சொல்லிக்கலாம்.

மல்லிகா டீச்சர்

நான் மறுபக்கத்திலிருந்து எழுதுகிறேன். பல ஆண்டுகள் ஒரே பள்ளியில் என்னோடு வேலை பார்த்த தோழி அவள் மகனுக்குச் சிறிய அளவில் திருமணம் செய்தாள். என்னை அழைக்கவில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை, வசதியும் இடமும் அவரவர் பாடு. ஆனால் வாட்ஸ்அப்பில் பத்திரிகை வந்தது. கீழே 'தகவலுக்காக' என்று ஒரு வரி. பத்திரிகையில் வழக்கம்போல "சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து வாழ்த்தியருள" என்று அச்சிட்டிருக்கிறது, கீழே இந்த வரி இருக்கிறது. நான் போக வேண்டுமா, போகக் கூடாதா? கேட்கவும் கூச்சமாக இருந்தது. வீட்டுக்காரர் "பத்திரிகை வந்துவிட்டதே, போய்விட்டு வா" என்றார். நான் போகவில்லை. முகூர்த்தத்தன்று காலை அவளுடைய ஸ்டேட்டஸில் படங்கள் வந்தபோது, எங்கள் பள்ளியிலிருந்தே மூன்று பேர் அதில் நின்றார்கள்.

இரண்டு நிமிடம் போனில் பேசியிருந்தால் எனக்குப் போதும். இந்தப் பெண் முன்கூட்டியே கேட்கிறாளே, அதுவே எனக்கு நிறைவாக இருக்கிறது.

பந்தல்காரி

டீச்சர் சொன்னதை எல்லாரும் கவனிக்கணும். நம்ம ஊர்ல பத்திரிகை கைக்கு வந்துட்டா அது அழைப்புதான், கூட எந்த வரி எழுதினாலும் அது மாறாது. கூப்பிடாதவங்களுக்குப் பத்திரிகைப் படத்தை அனுப்பவே கூடாது. தகவல் சொல்லணும்னா சாதாரணமா ரெண்டு வரி எழுதி அனுப்புங்க. உங்க அம்மா அப்பாகிட்டயும் இதைச் சொல்லி வெச்சுடுங்க. பெரியவங்க ஆசையா குடும்ப குரூப், குடியிருப்போர் குரூப்னு எல்லாத்துலயும் பத்திரிகையைப் போட்டுடுவாங்க, அப்புறம் 80 எங்க நிக்கும்?

நிலாமுற்றம், உங்க கோடு சுத்தமா இருக்கு. தெருத் தோழிகள் மட்டும், காலேஜ் ஆபீஸ் யாரும் இல்லன்னு வெளிப்படையாச் சொல்ல முடியுது. சொல்லிக்காட்ட முடியாத கோடுதான் வம்பு. 6 பேர்ல ரெண்டு பேரைப் 'ரொம்ப நெருக்கம்'னு கூப்பிட்டிருந்தீங்கன்னா, மிச்ச நாலு பேருக்கும் அவங்க எத்தனாவது இடத்துல இருக்காங்கன்னு நீங்களே அறிவிச்ச மாதிரி ஆயிடும்.

அரவிந்த் சொன்ன குரூப் மெசேஜ் மிச்ச 4 பேருக்குப் போதும். ராவுக்குப் போதாது. சேலை நிறம் கேட்டவ உங்ககிட்டதான் கேட்டா, குரூப்புல கேக்கல. நீங்க பதில் சொல்லாம குரூப்புல பொதுவாப் போட்டா, அவ அதைப் படிக்கறப்ப மத்தவங்களும் படிக்கறாங்க. ஹார்ட் போடறதா, வாழ்த்து போடறதான்னு எல்லாரும் பார்க்க அவ முடிவு பண்ணணும். அவளுக்குத் தனியா ஒரு நிமிஷம் முகம் வாடக்கூட இடம் கொடுக்காத மாதிரி ஆயிடும். அதனால முதல்ல ராவுக்குப் போன், அன்னிக்கே குரூப்புக்கு மெசேஜ். இந்த வரிசை மாறக் கூடாது.

எப்பங்கறதும் இருக்கு. ஆவணிக் கல்யாணம்னா நிறைய வீட்டுல ஆடி பிறக்கறதுக்குள்ள பத்திரிகை அடிச்சுக் குலதெய்வத்துக்கு முதல் பத்திரிகை வெச்சு எடுத்துடுவாங்க. வெச்சதும் யாரோ ஒருத்தர் ஸ்டேட்டஸ் போடுவாங்க, க வீட்டுக்கும் பத்திரிகை போயிடும். அதுக்கு முன்னாடி நீங்க பேசியிருக்கணும். அவ சேலை எடுத்த பிறகு, ரயில் டிக்கெட் போட்ட பிறகு, ஆபீஸ்ல லீவு சொன்ன பிறகு பேசினா அதே வார்த்தை ரெண்டு மடங்கு வலிக்கும். இன்னிக்கோ நாளைக்கோ பேசிடுங்க.

பேசறப்ப ஊர்க்கதை பேசிட்டு நடுவுல நுழைக்காதீங்க. சிரிச்சுப் பேசிட்டு இருந்தவளுக்கு, இதுக்குத்தான் இவ்வளவு நேரம் பேசினாளான்னு தோணும். எடுத்ததும் சொல்லிடணும். நான் பார்த்தவரைக்கும் இந்த மாதிரி சொன்னா நிக்குது:

"ரா, கல்யாண விஷயமா ஒண்ணு இருக்கு, அதை நானே உன்கிட்ட சொல்லணும்னுதான் கூப்பிட்டேன். கோயில்ல மொத்தமே 80 பேர்தான். சொந்தம் போக எனக்கு 4 இடம் கிடைச்சுது, அதைத் தெருப் பிள்ளைங்களுக்கு வெச்சிருக்கேன். காலேஜ்லேருந்து யாரையும் கூப்பிட முடியல, உன்னையும் கூப்பிட முடியல. க வருவா, அவ மாப்பிள்ளைக்கு அத்தை மக, அவங்க பக்கத்துக் கணக்குல வர்றா. இதை நீ வேற யார் வழியாவும் கேள்விப்படக் கூடாதுன்னு நினைச்சேன்."

அவ்வளவுதான். அப்புறம் நீங்க பேசாம இருக்கணும். அதுதான் கஷ்டம். அந்த அமைதி தாங்காமத்தான் எல்லாரும் மேல மேல பேசிக் கெடுத்துக்கறாங்க.

அரவிந்த் பெ.

அக்கா, 'க' பேரை நாமளே எடுத்துக் கொடுக்கணுமா? அவ கேக்காமலே இருக்கலாம் இல்ல?

பந்தல்காரி

கேக்காம இருக்கலாம் தம்பி, ஆனா பார்க்காம இருக்க மாட்டா. கல்யாண போட்டோவுல க நிப்பா. அன்னிக்கு ராவுக்குத் தெரியும்போது, 'காலேஜ்லேருந்து யாரும் இல்ல'ன்னு நீங்க சொன்னது பொய்யா ஆயிடும். காரணம் எவ்வளவு நியாயமா இருந்தாலும் அப்புறம் அது சமாளிப்பு மாதிரித்தான் கேக்கும். முன்னாடியே சொன்னா அது வெறும் தகவல்.

ஹரிணி, சேலம்

நான் போன வருஷம்தான் இதே மாதிரி ஒருத்திகிட்ட பேசினேன். சொல்லக் கூடாததுல சிலது என் அனுபவத்துல சொல்றேன்.

"கோச்சுக்காதடி"ன்னு ஆரம்பிக்காதீங்க. அப்படி ஆரம்பிச்சா அவளுக்குக் கோவம் வர்ற உரிமையே போயிடுது, உங்களைச் சமாதானப்படுத்தற வேலையும் அவ தலையில விழுது. மாமியார் வீட்டுல ஒத்துக்கலைன்னு பழியை அங்க தள்ளாதீங்க. நாளைக்கு அந்த வீட்டுலதான் நீங்க இருக்கப் போறீங்க, க வேற அந்த வீட்டுச் சொந்தம், வார்த்தை எப்படியும் போய்ச் சேரும். அப்புறம் "யாராவது வரலைன்னா உன்னைக் கூப்பிடறேன்"னு மட்டும் சொல்லவே சொல்லாதீங்க. அவ கல்யாணத்துக்கு முந்தின வாரம் வரைக்கும் போனைப் பார்த்துட்டே இருப்பா.

எனக்கு ஒரு யோசனை. கல்யாணம் முடிஞ்சு சார்பதிவாளர் ஆபீஸ்ல பதிவு பண்ணுவீங்கதானே? தமிழ்நாட்டுல 2009 சட்டப்படி 90 நாளைக்குள்ள பதிவு பண்ணணும். அதுக்குச் சாட்சிக் கையெழுத்து வேணும். ராவைச் சாட்சியாக் கூப்பிடுங்க. உங்க கல்யாணப் பதிவுல அவ பேர் நிரந்தரமா இருக்கும். முகூர்த்தத்துக்கு வர்றதை விட அது பெருசு.

பாண்டியன், திருமங்கலம்

சாட்சி யோசனை நல்லா இருக்கு. ஆனா ஒண்ணு கேக்கறேன். அந்த அம்மா ரா வீட்டுக்குத் தேதி சொல்லியாச்சு. எங்க பக்கம் ஒரு வீட்டுக்குத் தேதி சொன்னாலே அது அழைப்புதான். "ஆவணியில கல்யாணம்"னு கேட்டவங்க "சரி, வந்துடறோம்"னுதானே எடுத்துக்குவாங்க? பத்திரிகை பின்னாடி வரும்னு இருப்பாங்க. இது வாய் வார்த்தை கொடுத்த மாதிரிதான்.

கொரோனாவுல 2021ல என் பேத்தி கல்யாணத்துக்கு 50 பேர்னு அரசாங்கமே சொல்லிடுச்சு. அப்ப ஊர்ல ஒருத்தர்கூட வருத்தப்படல, அவங்களே போன் பண்ணி வாழ்த்தினாங்க. இப்ப அப்படி ஒரு உத்தரவு இல்லையே. நீங்களா வெச்ச அளவுன்னுதானே நினைப்பாங்க?

பந்தல்காரி

ஐயா, கொரோனா சமயத்துல சுலபமா இருந்ததுக்குக் காரணம், யாரை விடறதுங்கறதை நம்ம தேர்வா யாரும் பார்க்கல. இப்ப இடம் கோயில் வெச்ச அளவுதான், ஆனா அந்த 4 பேர் யாருங்கறது நிலாமுற்றத்தோட தேர்வு. அதை மறைக்க முடியாது, மறைக்கவும் கூடாது. "கோயில்ல விடமாட்டேங்கறாங்க"ன்னு மட்டும் சொன்னா பாதி உண்மைதான். தெருப் பிள்ளைங்களுக்கு வெச்சேன்னு சொல்றதுலதான் மீதி உண்மை இருக்கு.

தேதி சொன்னது அழைப்பா இல்லையாங்கறதுல உங்ககூட எனக்கு முழுசா ஒத்துப்போகல, முழுசா மறுக்கவும் முடியல. எங்க பக்கம் "வந்து நடத்திக் கொடுங்க"ங்கற வார்த்தை வந்தாத்தான் அழைப்பு. அப்படி ஒருத்தர் வாயால வந்திருந்தா, நான் இவங்களை ராகிட்ட பேசச் சொல்லியிருக்கவே மாட்டேன். வேற எங்கயாவது ஒரு இடத்தைப் பிடுங்கியாவது அவளைக் கூப்பிடச் சொல்லியிருப்பேன். கொடுத்த அழைப்பைத் திருப்பி வாங்கறதை எந்த வார்த்தையாலயும் இதமாச் சொல்ல முடியாது.

ஆனா ரா அம்மா மனசுல என்ன இருக்குன்னு நமக்குத் தெரியாது. அதனால நிலாமுற்றம், ராகிட்ட நீங்க பேசின அதே சாயங்காலம் உங்க அம்மா ரா அம்மாகிட்ட பேசிடணும். ரெண்டு பேரும் ஒரே காரணத்தைச் சொல்லணும். மக ஒண்ணு, அம்மா ஒண்ணு சொன்னா, அந்த வீட்டுல ராத்திரி உக்காந்து ரெண்டையும் ஒட்டிப் பார்ப்பாங்க.

ஹரிணி, சாட்சி யோசனை எனக்கும் பிடிச்சிருக்கு. ஆனா அதே போன்ல சொல்ல வேண்டாம். 'கல்யாணத்துக்கு வராதே, பதிவுக்கு வா'ன்னு அடுத்தடுத்து சொன்னா அழற பிள்ளைக்கு மிட்டாய் கொடுத்த மாதிரி ஆயிடும். கல்யாணத்துக்கு அவ வந்திருந்தாலும் அவளைத்தான் சாட்சிக்குக் கூப்பிட்டிருப்பேன்னு நிலாமுற்றத்துக்கு உண்மையாத் தோணினா, சில நாள் கழிச்சுத் தனியாக் கேக்கலாம். திருச்சியிலேருந்து ஒரு வேலை நாள்ல லீவு போட்டு வரணும், அதையும் யோசிச்சுக்கோங்க.

மல்லிகா டீச்சர்

ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். அவள் மொய்யோ பரிசோ அனுப்ப முயன்றால் என்ன செய்வது என்று முன்பே யோசித்து வையுங்கள். அழைக்காத இடத்திலிருந்து ஜிபேயில் மொய் வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் அன்பாக ஒரு பொருள் அனுப்பினால் திருப்பி அனுப்புவதும் புண்படுத்தும்.

பந்தல்காரி

பணம்னா வேண்டாம்னு அன்பா சொல்லிடலாம், பொருள்னா வாங்கிக்கலாம்னுதான் நான் சொல்லுவேன் டீச்சர். ஆனா இதுல ஊருக்கு ஊர் வேற மாதிரி. மதுரைப் பக்கம் மொய்யைத் திருப்பினா உறவையே திருப்பின மாதிரி எடுத்துக்குவாங்க.

பாண்டியன், திருமங்கலம்

அது உண்மை. எங்க பக்கம் திருப்பக் கூடாது. வாங்கி நோட்டுல எழுதி வெச்சு, அந்தப் பிள்ளை கல்யாணத்துக்குச் சேர்த்துச் செய்யணும்.

நிலாமுற்றம்

பேசிட்டேன். நேத்து ராத்திரி சாப்பாடெல்லாம் முடிஞ்ச பிறகு, அவ மொட்டை மாடியில இருப்பான்னு தெரிஞ்ச நேரமாப் பார்த்துக் கூப்பிட்டேன்.

பந்தல்காரி அக்கா சொன்ன மாதிரி எடுத்ததும் சொல்லிட்டேன். அவ எதுவும் சொல்லல. பின்னாடி யாரோ குழந்தையைக் கூப்பிடற சத்தம் மட்டும் கேட்டுது. நானும் பேசாம இருந்தேன். ரொம்ப நேரம் மாதிரி இருந்துச்சு. அப்புறம் "சரி"ன்னா. அடுத்து "நான் ஏற்கனவே மாம்பழ மஞ்சள்ல ஒண்ணு பார்த்து வெச்சிருந்தேன்"னா. எடுத்துட்டாளான்னு கேட்டேன், இல்ல, கடையில பார்த்ததோட சரின்னா. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. "நீ ஆசையாப் பார்த்திருக்கேன்னு தெரியும், எனக்கும் வருத்தமா இருக்கு"ன்னு மட்டும் சொன்னேன்.

க பத்தி நான் சொன்னப்ப அவ ஒண்ணும் கேக்கல. ஆனா போனை வைக்கறதுக்கு முன்னாடி "தெருப் பிள்ளைங்க நாலு பேருமே வர்றாங்களா?"ன்னு கேட்டா. ஆமான்னேன். "அப்பா ஆஸ்பத்திரியில இருந்தப்ப நானும் வரட்டுமான்னு கேட்டேன், நீதான் வேண்டாம்னே"ன்னா. அது உண்மைதான். அவளுக்கு அப்ப பரீட்சை இருந்துச்சு, அதனால வேண்டாம்னேன். அதைச் சொன்னேன். "தெரியும்"னா.

அம்மாவும் அவங்க அம்மாகிட்ட பேசிட்டாங்க. அவங்க நல்லபடியாத்தான் பேசினாங்களாம், அப்பா உடம்பைத்தான் கூடக் கேட்டாங்களாம். குரூப்புல மெசேஜ் போட்டேன். மூணு பேர் வாழ்த்து போட்டாங்க, ஒருத்தி போன் பண்ணினா. ரா பார்த்திருக்கா, ஒண்ணும் எழுதல.

இப்ப என்ன பண்ணட்டும்? திரும்பக் கூப்பிடட்டுமா?

ஹரிணி, சேலம்

இன்னிக்கு வேண்டாம். என் தோழியும் இப்படித்தான் கொஞ்ச நாள் பேசாம இருந்தா. நான் தினமும் "கோவமா?"ன்னு மெசேஜ் போட்டுக்கிட்டே இருந்ததுல அவளுக்கு எரிச்சல்தான் வந்துச்சு. அப்புறம் அவளே பேசினா, ஆனா பழைய மாதிரி ஆக மாசக்கணக்கு ஆச்சு.

அரவிந்த் பெ.

பதில் எழுதலைன்னா கோவம்னு ஏன் நினைக்கணும்? குரூப்புல எழுத எதுவும் இல்லாம இருக்கலாம். உங்ககிட்டதான் போன்லயே "சரி"ன்னு சொல்லிட்டாளே.

மல்லிகா டீச்சர்

அவள் ஆஸ்பத்திரி விஷயத்தை எடுத்தது எனக்கு மனதில் நிற்கிறது. 4 பேரை எதை வைத்துத் தேர்ந்தெடுத்தீர்கள் என்பது அவளுக்குப் புரிந்திருக்கிறது. அந்த அளவுகோலுக்குள் வரத் தானும் தயாராக இருந்ததை அவள் நினைவுபடுத்துகிறாள். இதற்கு நீங்கள் பதில் தேட வேண்டாம். ஆனால் அவள் இன்னொரு முறை அதைப் பேசினால், பரீட்சை என்று காரணம் சொல்லாமல் முழுதாகக் கேளுங்கள்.

பந்தல்காரி

டீச்சர் சொன்னதோட நானும் ஒத்துப்போறேன். இப்ப நீங்க சொல்ல வேண்டியதைச் சொல்லியாச்சு, அடுத்த பேச்சு அவளோடது. கொஞ்ச நாள் விட்டுட்டு, கல்யாணத்தைப் பத்தி இல்லாத ஒரு சாதாரண விஷயத்துக்கு எப்பவும் போல மெசேஜ் போடுங்க. அவ எப்படிப் பதில் போடறாங்கறதுலயே தெரிஞ்சுடும். சாட்சி விஷயத்தை அதுக்கப்புறம் யோசிக்கலாம். அவ வேண்டாம்னு சொன்னாலும் சொல்லுவா, அதுக்கும் தயாரா இருந்து கேளுங்க.

இன்னும் ரெண்டு வேலை இருக்கு. தெருப் பிள்ளைங்க 4 பேர்கிட்டயும் சொல்லி வைங்க, கல்யாணத்தன்னிக்குப் போட்டோவை ஃபேஸ்புக்ல போட்டா உங்க பேரை டேக் பண்ண வேண்டாம்னு. மறைக்கறதுக்கு இல்ல. ரா அந்த நாள்ல தானாப் பார்க்கறது வேற, அவ போன்ல வந்து விழறது வேற. அப்புறம் உங்க அண்ணன், சித்தப்பா பிள்ளைங்க யாராவது ராவுக்குப் பழக்கமா? அவங்க யாராவது நல்ல மனசுல "நீ சும்மா வாக்கா, யார் கேக்கப் போறா"ன்னு சொல்லிடுவாங்க.

நிலாமுற்றம்

என் தம்பிக்கு ராவை நல்லாத் தெரியும். ஹாஸ்டலுக்கு என்னைப் பார்க்க வர்றப்பல்லாம் அவதான் அவனுக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுப்பா. அவன் அப்படிச் சொல்லக்கூடியவன்தான். இன்னிக்கே பேசிடறேன்.

பாண்டியன், திருமங்கலம்

தம்பி சொல்லி அந்தப் பிள்ளை வந்து நின்னுட்டா, கோயில்காரங்க என்ன சொன்னாலும் திருப்பி அனுப்பிடாதேம்மா. என் இலையை அதுக்குக் கொடுத்ததா நினைச்சுக்கோ.

பந்தல்காரி

அதுல மாற்றுக் கருத்தே இல்ல ஐயா. வாசல்ல வந்து நிக்கறவளை உள்ள கூட்டிட்டுப் போய் உக்கார வைக்கணும். பரிமாறுற 5 பேர்ல ஒருத்தர் கொஞ்ச நேரம் வெளிய நின்னுக்குவார். அதுக்காகத் தம்பியைச் சொல்ல விட்டுடாதீங்க.